இருவகைக் குளிர்ச்சி



துபாயில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அவருக்கு மனைவியும் இரு குழந்தைகளும் உண்டு. தாயார் மட்டும் பாளையங்கோட்டையில் பழைய வீட்டில் வாழ்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்: "ஐயா, குழந்தைகளின் பள்ளியில் மார்ச் மாதக் கடைசியில் ஆண்டு முடிந்து ஒன்பது நாள் விடுமுறை விடுகிறார்கள். ஊருக்கு வருகிறோம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு குளிர்ச்சியான ஓரிடத்தில் இரண்டு நாள் தங்க விரும்புகிறோம். குற்றாலம் போகலாம் என்று நினைக்கிறேன். சிறுவயதில் நான் நனைந்த அந்தச் சாரலில் என் குழந்தைகளும் நனைய வேண்டும். தங்கள் கருத்து என்ன?"

நான் உடனே பதில் எழுதவில்லை. பூகோளம் கற்பித்த ஆசிரியனுக்கு இது நல்லதொரு தேர்வு வினாவாகத் தோன்றியது. குளிர்ந்த இடம் எது என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தின் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்தால், எந்த மாதத்தில் எங்கே போகலாம் என்பதும் தெரிந்துவிடும். இன்று நாம் அந்த விடையைத்தான் காணப்போகிறோம்.

நம் பக்கத்தில் கோடைக்கு ஒதுங்கும் இடங்களின் குளிர்ச்சி இருவகைப்படும். ஒன்று உயரத்தால் வரும் குளிர்ச்சி. மற்றொன்று காற்றால் வரும் குளிர்ச்சி. கொடைக்கானல் முதல் வகையைச் சேர்ந்தது. குற்றாலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மக்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். மேலே செல்லச் செல்லக் கதிரவனை நெருங்குகிறோமே, வெப்பம் மிகவேண்டாமா என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் கதிரவனின் ஒளி காற்றை நேராக அதிகம் சூடாக்குவதில்லை. அது நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவாதலால் அக்காற்று விரிகிறது. விரியும்போது தன் வெப்பத்தை இழக்கிறது. இதனால் 1000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை வெப்பம் குறையும் என்று பொதுவாகக் கணக்கிடுவர். இது சராசரிக் கணக்கு. மேகமும் காடும் காற்றும் இதைச் சற்றுக் கூட்டும், குறைக்கும்.

இக்கணக்கை என் மாணவரின் கேள்விக்குப் பொருத்திப் பார்த்தேன். பாளையங்கோட்டை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்ச் இறுதியில் அங்கே நண்பகல் வெப்பம் 36 பாகையை ஒட்டியிருக்கும் என்று கொள்வோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயர வேறுபாடு 2050 மீட்டர். அதற்குரிய வெப்பக் குறைவு 13 பாகைக்குச் சற்று மேல். ஆகவே கொடைக்கானலில் 23 பாகை அளவே இருக்கவேண்டும். உண்மையில் அங்கே அதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். கணக்கு பொய்க்கவில்லை.

இனிக் குற்றாலம். அது மலையடிவாரத்தில் இருக்கிறது, மலைமேல் இல்லை. அதன் உயரம் ஏறத்தாழ 170 மீட்டர்தான். பாளையங்கோட்டைக்கும் அதற்கும் உயர வேறுபாடு 120 மீட்டர். அதனால் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு பாகைகூட இல்லை! அருவியைச் சுற்றிலும் மலை நிற்பதால் நாம் மலைமேல் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நாம் மலையின் காலடியில் நிற்கிறோம்.

அப்படியானால் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் நம்மைச் சிலிர்க்கவைக்கும் அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது? அது தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து தரும் கொடை. அது வரும் வழியைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதியது மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் மழையாகும்போது அதில் மறைந்திருந்த வெப்பம் காற்றிலேயே கலந்துவிடுவதால், அக்காற்று ஏறும்போது அதிகம் குளிர்வதில்லை. ஆனால் மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. வறண்ட காற்று இறங்கினால் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறும். எடுத்துக்காட்டாக, 28 பாகையில் இருந்த காற்று 1500 மீட்டர் மலையை ஏறும்போது 1000 மீட்டருக்கு 6 பாகை வீதம் 9 பாகை குளிர்ந்து, உச்சியில் 19 பாகையாகிறது என்று கொள்வோம். அதுவே மறுபக்கம் இறங்கும்போது 15 பாகை சூடேறி அடிவாரத்தில் 34 பாகையாகிவிடும். ஈரத்தையும் இழந்து வெப்பத்தையும் சேர்த்துக்கொண்ட காற்று அது. ஆடி மாதத்தில் திருநெல்வேலியில் மண்ணை வாரி இறைத்து அம்மியையும் பறக்கவைக்கும் காற்று இதுவே. அது பலமாக வீசினாலும் உடலைக் குளிர்விப்பதில்லை.

ஆனால் மலைத்தொடர் எங்கும் ஒரே உயரத்தில் இல்லை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கத்தில், மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. கொல்லத்திற்குச் செல்லும் சாலையும் இருப்புப்பாதையும் அவ்வழியே செல்கின்றன. மனிதன் தன் பயணத்திற்குத் தேர்ந்தெடுத்த அதே வழியைத்தான் காற்றும் தேர்ந்தெடுத்திருக்கிறது. அங்கே அது மிக உயர ஏறவேண்டியதில்லை. ஆகவே ஈரம் முழுவதையும் இழப்பதில்லை. மிக ஆழமாக இறங்கவேண்டியதுமில்லை. ஆகவே மிகுதியாகச் சூடேறுவதுமில்லை. எஞ்சிய ஈரம் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களின்மேல் பூத்தூவலாக விழுகிறது. அதையே நாம் சாரல் என்கிறோம். மேகம் வெயிலை மறைக்கிறது; ஈரக்காற்று விடாமல் வீசுகிறது; மலைமேல் பெய்த மழை சிற்றாற்றில் திரண்டு அருவியாக விழுகிறது. இவை மூன்றும் கூடியதே குற்றாலத்துக் குளிர்ச்சி. திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆடி மாதத்தில் ஒரே நாளில் அவ்வழியே பயணம் செய்து பாருங்கள். ஒரு முனையில் புழுதிக்காற்று, மறுமுனையில் சாரல். நான் சொன்னது முழுவதும் அந்த ஒரு பயணத்தில் விளங்கும்.

இப்போது பயன் தெளிவாகிறது. உயரம் எந்த மாதத்திலும் குறையாது. ஆகவே கொடைக்கானலின் குளிர்ச்சி ஆண்டு முழுவதும் நிற்கும். காற்று மாதத்தைப் பார்த்துத்தான் வரும். ஆகவே குற்றாலத்தின் குளிர்ச்சி அதனோடு வந்து அதனோடு போகும். மார்ச் இறுதியில் தென்மேற்குக் காற்று இல்லை. மேகமில்லை, சாரலில்லை, அருவி நூலாக இறங்கும், அல்லது வெறும் பாறையாக நிற்கும். என் மாணவரின் நினைவில் இருந்த குற்றாலம் ஆடி மாதத்துக் குற்றாலம். அவர் குழந்தைகளை அழைத்துச் செல்ல நினைத்ததோ பங்குனி மாதத்துக் குற்றாலம். பெயர் ஒன்று, இடம் வேறு என்றே சொல்லலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். மார்ச் மாதக் கடைசியில் துபாயிலேயே நண்பகல் வெப்பம் 30 பாகையைச் சுற்றியே இருக்கும். அங்கே கொடிய வெயில் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். அப்போது 40 பாகையைத் தாண்டும். அங்குள்ள பள்ளிகள் நீண்ட விடுமுறையை அம்மாதங்களில் விடுவதும் அதனால்தான். ஆகவே மார்ச் இறுதியில் நம் ஊருக்கு வரும் அக்குடும்பம் குளிர்ந்த ஊரிலிருந்து வெப்பமான ஊருக்கு வருகிறது. ஜூலையில் வந்தாலோ நிலைமை தலைகீழ்.

"அப்படியானால் கொடைக்கானலுக்கே போகட்டுமே" என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் முதலில் எண்ணினேன். ஆனால் குளிர்ச்சியின் மூலத்தை அறிந்தபின் வேறு இரண்டு கணக்குகளும் உண்டு. ஒன்று நாட்களின் கணக்கு. மற்றொன்று ஆட்களின் கணக்கு.

ஒன்பது நாட்களில் வரவும் போகவும் இரண்டு நாட்கள் கழிந்தன. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றும் தாயாரோடு வீட்டில் இருப்பதும் நான்கு நாட்களை எடுத்துக்கொண்டன. எஞ்சியவை மூன்றே நாட்கள். பாளையங்கோட்டையிலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு 270 கிலோமீட்டர் அளவு இருக்கும். மலைப்பாதையும் சேர்ந்தால் ஏழு மணி நேரம் ஆகும். மூன்று நாட்களில் இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும். 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு முன்கூட்டியே இ-பாஸ் பெறவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. இப்போது செல்வோர் அதனையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. தாயாருக்கு வயது 72. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குச் செல்லும் உயிர்வளியும் அந்த அளவு குறையும். நல்ல உடல்நலம் உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. இதயமோ நுரையீரலோ தளர்ந்தவருக்கு இரவில் மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். மருத்துவரைக் கேளுங்கள் என்று எழுதினேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தாயாருக்காகத் திட்டமிட்ட பயணத்தில் தாயாரை விட்டுவிட்டுச் செல்வதா என்று என் மாணவர் கலங்கினார்.

பிறகு மாஞ்சோலையைப் பற்றிக் கேட்டார். அது தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில், மணிமுத்தாறு அணைக்கு மேலே, ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கணக்கின்படி பாளையங்கோட்டையைவிட 7 பாகை குளிர்ச்சி. அதாவது 29 பாகை. உயரமும் தாயாருக்கு ஒருவேளை ஏற்றதாகலாம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து அங்கே தேயிலைத் தோட்டங்கள் அமைத்தனர். 2024-இல் தோட்டத்தை நடத்திய நிறுவனம் தன் பணியை முடித்துக்கொள்ள முற்பட்டது. ஆனால் அது சுற்றுலாவுக்கென அமைந்த ஊர் அன்று. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே உள்ளது. வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். மழையாலும் பிற காரணங்களாலும் பாதை மூடப்படும் காலங்களும் உண்டு. சாலை கரடுமுரடானது. இரு குழந்தைகளையும் மூச்சு வாங்கும் ஒரு முதியவரையும் அழைத்துக்கொண்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அனுமதியை நம்பிப் புறப்படுவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே நான் எழுதிய விடை இதுதான்: "தம்பி, உன் மூன்று நாட்களுக்குள், உன் தாயாருக்கு ஏற்ற உயரத்தில், மார்ச் மாதத்தில் குளிர்ந்த காற்று கிடைக்காது. குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். அதைத் தேடிச் செல். குளிர்ந்த காற்றை ஜூலைக்கு ஒத்திவை."

குளிர்ந்த தண்ணீர் என்று நான் குறித்தது பாபநாசத்திற்கு மேலுள்ள அகத்தியர் அருவியை. குற்றாலத்து அருவிகள் மழையை நம்பியவை. மேலே அவற்றிற்கு நீர்த்தேக்கம் இல்லை. பாபநாசத்திலோ தாமிரபரணியின் குறுக்கே அணை இருக்கிறது. பாசனத்திற்கும் குடிநீருக்கும் மின்னாக்கத்திற்கும் அங்கிருந்து நீர் விடப்படுவதால், குற்றாலம் வறண்டிருக்கும் மாதங்களிலும் அகத்தியர் அருவியில் பெரும்பாலும் நீர் விழுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டு வனத்துறைச் சோதனைச்சாவடி திறக்கும் நேரத்திற்குச் சென்று, வெயில் ஏறுமுன் நீராடித் திரும்பிவிடலாம். இரவு தங்கவேண்டிய தேவையில்லை. அருவிக்கருகே காற்றின் வெப்பம் பெரிதும் குறைவதில்லை. ஆனால் தண்ணீர் நம் உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது; கரையேறியபின் தோலில் எஞ்சிய ஈரம் ஆவியாகும்போதும் உடல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. அவ்வளவே அங்குள்ள குளிர்ச்சி; இரண்டு மணி நேரம் நிற்கும்.

அருவியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விட முடியாது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மலையுச்சியில் திடீரென இடியுடன் கோடைமழை பெய்வதுண்டு. கீழே குளிப்பவருக்கு அம்மழை தெரியாது. வானம் தெளிவாகவே இருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இப்படித்தான் வெள்ளம் பாய்ந்து, பாளையங்கோட்டையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வெள்ளம் வருமுன் சில அடையாளங்கள் தோன்றலாம். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும். சருகும் சுள்ளியும் சேர்ந்து விழும். அருவியின் ஓசை கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், துணியையும் செருப்பையும் தேடாமல் அப்படியே விலகி மேடேறிவிட வேண்டும். சில வேளைகளில் அந்த அடையாளத்திற்கும் நேரமிருக்காது. ஆதலால் மலைமேல் கருமேகம் தெரிந்தால் நீரில் இறங்காமல் இருப்பதே முறை. காவலர் தடைசெய்தால் அவரோடு வாதிடாமல் திரும்புவதே முறை.

வளைகுடா நாடுகளில் உள்ள நம்மவர் கவனிக்கவேண்டிய வேறொரு நுட்பமும் உண்டு. அங்கே கிடைக்கும் குறுகிய விடுமுறைகளில் பக்ரீத் விடுமுறை முக்கியமானது. அது பிறை பார்த்து வருவது. சந்திர ஆண்டிற்கு 354 நாட்கள். கதிரவனின் ஆண்டைவிட 11 நாட்கள் குறைவு. ஆகவே அத்திருநாள் ஒவ்வோர் ஆண்டும் பத்து பதினொரு நாட்கள் முன்னதாக நகர்ந்து வருகிறது. வளைகுடாவில் அது 2023-இல் ஜூன் 28 அன்றும், 2024-இல் ஜூன் 16 அன்றும், 2025-இல் ஜூன் 6 அன்றும் வந்தது. 2018 முதல் 2025 வரை அத்திருநாள் ஆகஸ்டுக்கும் ஜூனுக்கும் இடையிலேயே வந்ததால், அந்த விடுமுறையும் சாரல் காலமும் பொருந்தியிருந்தன. இனிமேல் அது மே மாதத்திற்கும் பிறகு ஏப்ரலுக்கும் நகர்ந்துவிடும். மீண்டும் சாரல் காலத்தோடு பொருந்தக் கால் நூற்றாண்டு ஆகும். ஆனால் சாரலோ கதிரவனின் ஆண்டைப் பின்பற்றுவது. "பக்ரீத் விடுமுறையில் குற்றாலம்" என்ற வழக்கத்தை நம்பி இனிப் பயணச்சீட்டு வாங்குபவர் வறண்ட பாறையைக் காண நேரிடலாம்.

சாரலும் நாள் தவறாத கடிகாரம் அன்று. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. ஆனால் 2023-இல் அது ஜூன் 8 அன்றும், 2024-இல் மே 30 அன்றும், 2025-இல் மே 24 அன்றும் தொடங்கியது. 2025-இல் முந்தி வந்த அப்பருவம் மே மாதக் கடைசியிலிருந்து இரண்டு வாரங்களுக்கு மேல் முன்னேறாமல் தயங்கியும் நின்றது. ஆகவே ஜூன் முதல் வாரத்தை நம்புவதைவிட ஜூலை மாதத்தை நம்புவது மேல். அம்மாதத்திலும் காற்று சில நாள் ஓய்வதுண்டு. ஒரே நாளை நம்பி வராமல், மூன்று நாட்களையாவது கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு ஏமாற்றம் குறைவு.

என் மாணவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பங்குனியில் ஒரு நாள் அதிகாலையில் எல்லோரும் அகத்தியர் அருவிக்குச் சென்றார்கள். தாயார் படியில் அமர்ந்து, பேரக்குழந்தைகள் கொண்டுவந்த நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாராம். பிறகு ஜூலையில், நீண்ட விடுமுறை விட்டவுடன் குழந்தைகளும் மனைவியும் முன்னதாக வந்துவிட்டனர். அவர் பத்து நாள் விடுப்பில் பின்னால் வந்து சேர்ந்தார். நால்வரும் ஆச்சியோடு தென்காசியில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினர். அவ்வூரின் உயரம் தாயாரின் மூச்சுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. முதல் இரண்டு நாள் சாரல் இல்லை. மூன்றாம் நாள் மாலையில் மேற்கே மேகம் இறங்கிற்று.

அன்று இரவு அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, அம்மா திண்ணையில் உட்கார்ந்து சாரலில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள்."